பதில் வராத பூச்சியம்

அந்த அலுவலகத்தில் நம்பர் இல்லாத பேச்சுக்கு மதிப்பில்லை. குழாய் ஒழுகினாலும் சரி, தலைவலி என்று அரைநாள் விடுப்பு வேண்டுமானாலும் சரி, முதலில் 'ட்ராக்கர்' என்ற கணினிப் பதிவேட்டில் ஒரு டிக்கெட், அதாவது ஒரு கோரிக்கை, போட வேண்டும். டிக்கெட்டுக்கு ஒரு நம்பர் விழும். நம்பர் விழுந்த பிறகுதான் குழாய் ஒழுகுகிறது என்பதை நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும். அதுவரை தரையில் நிற்கும் தண்ணீர், கண்டவருடைய சொந்தக் கற்பனை.

நிறுவனம் தயாரித்தது ஒரு செயலி. மாத்திரை போட வேண்டிய வேளையில் கைப்பேசியில் மணி அடித்து நினைவூட்டும் செயலி. அதில் எந்தக் குறை எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, யார் சரிசெய்கிறார், யார் சோதித்துப் பார்த்தார் என்ற சகலமும் அந்த ட்ராக்கருக்குள்தான் இருந்தன. செய்ய மனமில்லாத வேலையை 'அடுத்த ரிலீஸ்' என்று, அடுத்த பதிப்பு வெளியாகும்வரை தள்ளிவிடும் வசதியும் அதில் இருந்தது. அலுவலகத்தில் மிக அதிகமாகப் பயன்பட்ட வசதி அதுதான் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ரிலீஸ் வேலைகளை ஒருங்கிணைத்தவளுக்கு 'குடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் ஒப்பந்த ஊழியர். ஒருமுறை ட்ராக்கர் படுத்துக்கொண்டபோது அலுவலகமே அரைநாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள், ரிலீஸ் நாளில் இப்படி ஆனால் என்ன செய்வது என்று ஒரு மாற்றுத் திட்டம் எழுதினாள். இயக்குநர் அதை முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை. "வெயில் காயும்போது குடை விரிக்கிறீங்களேம்மா!" என்று சிரித்துவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். திட்டம் அன்றே மறக்கப்பட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இயக்குநருக்கும் ஒரு பெயர் உண்டு. அவர் காதுக்கு மட்டும் எட்டாத பெயர். 'பச்சை.' கூட்ட அறையின் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டி வைத்திருந்தார். ரிலீஸைத் தடுக்கும் குறைகள் எத்தனை பாக்கி என்று அந்தத் திரை ட்ராக்கரைக் கேட்டுக் காட்டும். பாக்கி இருந்தால் சிவப்பு, பூச்சியம் என்றால் பச்சை. காலையில் வந்ததும் சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள். அவர் அந்தத் திரையைப் பார்ப்பார்.

ரிலீஸ் நாள் காலையில் திரை பச்சையாக இருந்தது.

"பூச்சியம்!" என்று இரு கைகளையும் விரித்தார் பச்சை. "நேத்து சாயங்காலம் மூணு இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா முடிச்சிட்டாங்க பாருங்க. இதுதான் டீம்!"

மேசையில் ஏற்கெனவே ஒரு கேக் வந்து உட்கார்ந்திருந்தது. அதன் மேல் பச்சை நிறத்தில் ஒரு முட்டை வட்டம். வாடிக்கையாளரான மருந்துக்கடை நிறுவனத்தின் முதலாளியிடம் மதியத்துக்குள் புதிய பதிப்பு மக்கள் கைக்குப் போய்விடும் என்று பச்சை வாக்குக் கொடுத்திருந்தார்.

"அப்புறம், குடை," என்று அவள் பக்கம் திரும்பினார். "உங்களை நிரந்தரம் பண்ற டிக்கெட் என் கையிலதான் இருக்கு. ரிலீஸ் போனதும் அழுத்திடறேன். சந்தோஷமா?"

குடைக்கு ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அந்த டிக்கெட் அழுத்தப்படாவிட்டால் அடுத்த மாதம் அவள் வீட்டில் மாமியாரோடு எதிரும் புதிருமாக உட்கார வேண்டியதுதான். "ரொம்ப நன்றி சார்" என்றாள். அப்படிச் சொல்லும்போதே அவள் கண் திரையின் ஓரத்துக்குப் போனது. அங்கே கடைசியாகத் தகவல் வந்த நேரம் சின்ன எழுத்தில் இருக்கும். இன்று அந்த இடம் வெறுமையாக இருந்தது.

அவள் தன் மேசைக்கு ஓடி ட்ராக்கரைத் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை. சர்வர்காரரை அழைத்தாள்.

"படுத்துடுச்சு மேடம். டிஸ்க் போயிடுச்சு. பேக்கப்லேர்ந்து ஏத்திட்டிருக்கேன். எப்போ எழும்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது."

"யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

"டிக்கெட் போடணும்ல மேடம்? எங்க போடறது?"



திரையின் பச்சைக்குக் காரணம் குடைக்குப் புரிந்துவிட்டது. எத்தனை குறை பாக்கி என்று திரை கேட்கும். ட்ராக்கர் செத்துக் கிடந்தால் பதில் வராது. பதில் வராததை அந்தத் திரை 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றும் இல்லை என்றால் பூச்சியம். பூச்சியம் என்றால் பச்சை. இதை அவள் எப்போதோ டிக்கெட் போட்டுச் சொல்லியிருந்தாள். அது மூன்று முறை 'அடுத்த ரிலீஸ்' ஆகியிருந்தது. ஆக, நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிகச் சுத்தமான அறிக்கையை, உயிர் போன ஒரு இயந்திரம் கொடுத்துக்கொண்டிருந்தது.

கூட்ட அறைக்குத் திரும்பியபோது கேக்கில் கத்தி வைக்கும் கட்டம்.

"சார், மன்னிச்சிடுங்க. அந்தப் பூச்சியம் பூச்சியம் இல்லை சார். ட்ராக்கர் விழுந்திருக்கு. பதில் வராம திரை பச்சையா நிக்குது."

பச்சையின் கத்தி அந்தரத்தில் நின்றது. "அப்போ உண்மையில எத்தனை?"

"யாருக்கும் தெரியாது சார்."

"தெரியாதுன்னா இல்லைன்னும் சொல்லலாம்ல?"

இப்படி ஒரு வாதத்தைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் ஒப்பந்த ஊழியருக்கு அழகு. குடையும் மூடிக்கொண்டிருப்பாள். ஆனால் அவளே எழுதிய திட்டத்தின் முதல் வரி, ட்ராக்கர் எட்டாத நிலையை அறிவிக்க வேண்டியவர் ரிலீஸ் ஒருங்கிணைப்பாளர் என்று சொன்னது. எழுதும்போது அந்த வரி நன்றாகத்தான் இருந்தது. 

"சார்... மாற்றுத் திட்டம் தொடங்குதுன்னு அறிவிக்கிறேன் சார்" என்றாள், பக்கத்து வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கேட்கிற குரலில்.

"எந்தத் திட்டம்? எந்த டிக்கெட்ல இருக்கு அது?"

"கதவுல இருக்கு சார்."

கதவுக்குப் பின்புறம், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்ற படத்துக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதன் அடியில் இயக்குநரின் ஒப்புதலும் அச்சாகியிருந்தது. பச்சை தன் பெயரை இரண்டு தடவை படித்தார். மாற்ற முடியுமா என்று பார்த்தவர் போலிருந்தது.

தாள் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் ட்ராக்கரிலிருந்து பிரதி எடுத்து வெளியே வைத்திருக்கும் பட்டியலைக் கொண்டு வர வேண்டும். பாக்கி இருந்த ஒவ்வொரு குறைக்கும் பொறுப்பானவர் அதே அறையில், வாயால், தன் பெயரோடு 'ஆச்சு' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் 'இல்லை' என்று கொள்ளப்படும். ஒருவர் மட்டும் எழுத வேண்டும். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும். ஒரே ஒரு 'இல்லை' இருந்தாலும் ரிலீஸ் போகாது, பழைய பதிப்பே இருக்கும். மீறிப் போக வேண்டுமானால் இரண்டு பேர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். ட்ராக்கர் எழுந்ததும் எழுதியது முழுவதையும் அதில் ஏற்ற வேண்டும். இன்னொருவர் தாளோடு ஒப்பிட்டுச் சரி என்று சொல்லும்வரை மாற்றுத் திட்டம் முடியாது.

குடையிடம் பிரதி இருந்தது. தினமும் சாயங்காலம் எடுத்து, அச்சடித்துப் பையில் போட்டுக்கொள்வாள். இதற்காகவும் அவளைப் பலர் கிண்டல் செய்ததுண்டு.

நிரலாளர்களின் தலைவரும் சோதனைக்காரரும் வந்து உட்கார்ந்தார்கள். நிரலாளர் தலைவருக்கு 'ஆச்சு அண்ணன்' என்று பெயர். எதைக் கேட்டாலும் ஆச்சு என்பார். சோதனைக்காரருக்கு 'நோண்டி'. அதற்கு விளக்கம் தேவையில்லை.

"நம்பர் சொல்லாம எப்படிப் பேசறது?" என்று தலையைச் சொறிந்தார் ஆச்சு அண்ணன்.

"தமிழ்ல பேசலாம்" என்றார் நோண்டி.

முதல் குறை, இரவு நேரத்தில் எழுத்து தெரியவில்லை என்பது. "ஆச்சு" என்றார் அண்ணன். "பார்த்துட்டேன், சரியா இருக்கு" என்றார் நோண்டி. இரண்டாவது, மணிச் சத்தத்தை அணைத்தால் செயலியே அணைந்துவிடுகிறது என்பது. அதுவும் ஆச்சு, அதுவும் பார்த்தாயிற்று. பச்சையின் முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது.

மூன்றாவதைக் குடை படித்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட வேண்டிய மாத்திரைக்குச் சில கைப்பேசிகளில் அடுத்தடுத்த நாளும் மணி அடிக்கிறது.

"ஆச்சு!" என்றார் அண்ணன். "நேத்து சாயங்காலம் போட்ட பதிப்புல இருக்கு. நானே பார்த்தேன்."

"எப்படிப் பார்த்தீங்கண்ணே?" என்றார் நோண்டி.

"போன்ல தேதியை ஒருநாள் தள்ளி வெச்சுப் பார்த்தேன். அமைதியா இருந்துச்சு. ரெண்டு நாள் தள்ளினேன், அடிச்சுது. இதுக்கு மேல என்னப்பா வேணும்?"

"தேதியைக் கையால மாத்தினா செயலி கணக்கை மறுபடி போடும்ணே, அது சரியாத்தான் வரும். புகார் வந்ததெல்லாம், பழைய பதிப்பு மேல சோதனைக்குப் புதுசு ஏத்தின போன்ல. அதே மாதிரி ஏத்தி, ஒரு ராத்திரி தாண்டிப் பார்க்கணும். நான் இன்னும் பார்க்கலை."

"அப்போ உங்க பதில் என்ன?" என்று பேனாவோடு கேட்டாள் குடை.

நோண்டி பச்சையைப் பார்த்தார். அப்புறம் கேக்கைப் பார்த்தார். "இல்லை" என்றார்.

"பார்க்காததுக்கெல்லாம் எப்படிப்பா இல்லைன்னு சொல்லுவே?" பச்சை மேசையைத் தட்டினார். "இப்ப உடனே பார்க்க வழி இல்லையா?"

வழி இருந்தது. குடைக்கு அது தெரிந்த நொடியிலேயே, தெரியாமல் இருந்திருக்கலாமே என்றும் தோன்றியது. ஒவ்வொரு புதிய பதிப்பையும் முந்தின நாளே ஊழியர்கள் தங்கள் வீட்டாரின் கைப்பேசியில் ஏற்றிப் பார்ப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். நேற்று சாயங்காலப் பதிப்பை அவளும் ஏற்றியிருந்தாள், மாமியாரின் கைப்பேசியில் இருந்த பழைய பதிப்பின் மேல். மாமியாருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். நேற்றுக் காலை போட்டாயிற்று. இன்று மணி அடிக்கக் கூடாது.

"சார், எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்கலாம் சார்."

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் நோண்டி ஆசையோடு.

மாமியார் நெடுநேரம் கழித்து எடுத்தார். "என்னம்மா, ஆபீஸ்ல வேலை ஒண்ணும் இல்லையா இன்னிக்கு?"

"அத்தை, காலையில உங்க போன்ல மாத்திரை மணி அடிச்சுதா?"

"அதை ஏன் கேக்கறே! அடிச்சுது, அடிச்சுது, அப்படி அடிச்சுது. நேத்துதானே முழுங்கினேன்? அணைச்சா மறுபடி கத்துது. 'போட்டாச்சா, போட்டாச்சா'ன்னு. என் மாமியாரே என்னை இப்படி விரட்டினதில்ல."

 "நீங்க போட்டுட்டீங்களா அத்தை?"

"நான் என்ன பைத்தியமா? டாக்டர் சொன்னதைக் கேப்பேனா, நீ கொண்டாந்து மாட்டின பொம்மை சொல்றதைக் கேப்பேனா? காய்கறி டப்பாக்குள்ள போட்டு மூடி வெச்சேன். ஆனா எதிர்வீட்டுக்காரர் இருக்காரே, அவர் போன் என்ன சொன்னாலும் கேக்கற ஆளு. அவருக்கும் இதே மாத்திரைதான். அவர் போன்லயும் இதை ஏத்திடாதீங்கம்மா."

 அண்ணன் தன் கைவிரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பழைய பதிப்பு மேல புதுசு ஏறினதும் கணக்கை முதல் நாள்லேர்ந்து தொடங்குது போல" என்று முனகினார். "அதை நான் யோசிக்கலை."

"அப்போ ஆச்சா, இல்லையாண்ணே?" என்றாள் குடை.

அண்ணன் பேசவில்லை. வாழ்நாளில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்ட முதல் தருணம் அது. குடை 'இல்லை' என்று எழுதினாள்.

பச்சை எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "இங்க பாருங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் போடறவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க? ஒரு மாத்திரை கூடப் போனா யாரும் செத்துட மாட்டாங்க. நாளைக்கே ஒரு திருத்தம் விட்டுடலாம்."

குடையின் பேனா ஓடியது.

"என்ன எழுதறீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் சார்."

"அதை எழுதாதீங்க!"

அவள் பழக்கதோஷத்தில் அதையும் எழுதினாள்.

"சரி, திட்டத்துல மீறிப் போக வழி இருக்குல்ல? போகலாம். நான் சொல்றேன்."

"உங்க பேர்ல எழுதிக்கட்டுமா சார்?" அவள் உண்மையிலேயே பணிவாகத்தான் கேட்டாள்.

பச்சை சற்று யோசித்தார். "டீம் பேர்ல எழுதுங்க."

"டீமுக்கு வாய் கிடையாது சார்" என்றார் நோண்டி. "இன்னொரு பேரும் வேணும். என் பேரு வராது."

பச்சை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கேக்கைப் பார்த்தார். திரையைப் பச்சையாக்கப் பொத்தான் அழுத்த இத்தனை வருஷமாக ஓடி வந்த விரல்களில் ஒன்றுகூட, தன் பெயரைச் சொல்ல மேலே எழவில்லை. ட்ராக்கர் இருந்திருந்தால் இந்நேரம் யாரோ ஒருவர் எதையோ அழுத்தியிருப்பார். யார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

"ரிலீஸ் போகலை" என்று குடை எழுதி, வாசித்தும் காட்டினாள்.  

பச்சை வெளியே போய் வாடிக்கையாளரை அழைத்தார். கண்ணாடிக் கதவு வழியாகக் கேட்டது. "உங்க மக்களோட உடல்நலம்தான் சார் எங்களுக்கு முக்கியம். நானே நேரடியா சோதிச்சு, நானே நிறுத்திட்டேன்."

"இதையும் எழுதணுமா?" என்றார் நோண்டி.

"அறைக்கு வெளியே பேசினது" என்றாள் குடை வருத்தத்தோடு.

மதியத்துக்குப் பிறகு ட்ராக்கர் எழுந்தது. திரை ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு, மூன்று என்று சிவந்தது. குடை கூட்ட அறையிலேயே தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஏற்றத் தொடங்கினாள். ஒப்பிட்டுப் பார்க்க நோண்டி அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, கேக்கின் முட்டை வட்டத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

பச்சை அவள் பின்னால் வந்து நின்றார். அப்படி மென்மையான குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"குடைம்மா, இன்னிக்கு நல்லாவே செஞ்சீங்க. அந்த 'ஒரு மாத்திரை கூடப் போனா'ன்னு நான் சொன்ன வரி மட்டும் வேண்டாமே. மேலிடத்துல படிச்சா தப்பாப் புரிஞ்சுக்குவாங்க. அதை விட்டுடுங்க. உங்க நிரந்தர டிக்கெட்டை இப்பவே, இந்த நிமிஷமே அழுத்திடறேன்."

குடையின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. ஒரு வரிதானே என்று மனசு சொன்னது. யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்த மாதமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பலாம். மாமியாரும் நெடுநாளாக 'அந்த ஆபீஸ்ல உனக்கு இன்னும் நாற்காலி குடுக்கலையா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மாமியாரின் பெயரும் தாளில் இருந்தது. மணி அடித்தது, மாத்திரை போடவில்லை என்று. அதற்குக் கீழேதான் அந்த வரி. அதை எடுத்துவிட்டால், எதற்காக நிறுத்தினார்கள் என்பது இருக்கும். அதையும் மீறி அனுப்பப் பார்த்தார்கள் என்பது இருக்காது. அடுத்த தடவை இதே அறையில் இதே வாதம் புத்தம் புதிதாக வரும்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஒப்பிட்டுப் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் திட்டம் முடியலை சார். நாம இன்னும் அறைக்குள்ளதான் இருக்கோம். இப்ப நீங்க சொன்னதையும் ஏத்தணும்."

நோண்டிக்குப் புரையேறியது.

பச்சை வாயைத் திறந்தார். தான் எதைச் சொன்னாலும் அதுவும் ஏறும் என்பது விளங்கி, மூடிக்கொண்டார். பிறகு மேசையிலிருந்து ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு, அதை எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர் போலக் கையில் வைத்தபடியே நடந்து போனார்.

அவள் இரண்டு வரிகளையும் ஏற்றினாள். நோண்டி ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்றார். மாற்றுத் திட்டம் முடிந்தது.

வீட்டுக்குப் போனபோது மாமியார் எதிர்வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, என்ன பண்றதுன்னு தெரியாம எனக்குப் போன் போட்டாங்க. நான்தான் நிறுத்தச் சொன்னேன்." குடை மறுக்கவில்லை. அதில் பொய் அதிகம் இல்லை.

மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. இயக்குநரின் வழிகாட்டுதலில் உருவான மாற்றுத் திட்டம் மாபெரும் வெற்றி பெற்றதாகவும், அதை எல்லாப் பிரிவுகளும் பின்பற்ற வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அதற்கடியில் யாரோ மேலிடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். 'இதை எழுதிப் பதிவு செய்தவர் யார்? ஒப்பந்தத்திலா இருக்கிறார்?' அன்று மதியமே குடையின் நிரந்தர டிக்கெட் அழுத்தப்பட்டது. பக்கத்தில் வாழ்த்து ஒன்றும் இல்லை. தன் பெயரும் பேச்சும் பதிவாகி மேலிடம் வரை போயிருக்கும் நிலையில் இரண்டாம் முறை முரண்டு பிடிக்கப் பச்சைக்குத் துணிவு வரவில்லை போலும்.

அன்று சாயங்காலமே அவள் பெயருக்கு அவரிடமிருந்து ஒரு புதிய டிக்கெட் வந்தது. 'கூட்ட அறைக் கதவின் பின்னால் ஒட்டியுள்ள தாள் அறையின் தோற்றத்தைக் கெடுக்கிறது. உடனே அகற்றவும்.'

குடை அதை இரண்டு முறை பொறுமையாகப் படித்தாள். பிறகு மிகுந்த மரியாதையோடு, 'அடுத்த ரிலீஸ்' என்று மாற்றி வைத்தாள்.